ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப எக்ஸ்போர்ட் செய்தால் எங்கே தேய்கிறது?

கேள்வி: "ஒரு 40 நிமிடப் பாட வீடியோவை இரண்டு வருடமாக அவ்வப்போது திருத்தி வருகிறேன், இதுவரை எட்டு முறை. ஒவ்வொரு முறையும் போன தடவை சேமித்த எம்பி4-ஐத் திறந்து, வேண்டியதை மாற்றி, ஹை குவாலிட்டியில் எக்ஸ்போர்ட் செய்துவிட்டுப் பழையதை அழித்துவிடுவேன். இப்போது பார்த்தால் முகம் மெழுகு பூசியது போல இருக்கிறது, பின்னால் உள்ள சுவர் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஃபைல் அளவு ஒன்றும் குறையவில்லை. டிஜிட்டல்தானே, தேயுமா? அசலை மட்டும் தனியாக வைத்திருந்தால் இது நடந்திருக்காதா?"

நடந்திருக்காது. டிஜிட்டல் ஃபைல் தேய்வதும் இல்லை. உங்கள் ஃபைலை ஆயிரம் முறை காப்பி செய்து பென்டிரைவ் பென்டிரைவாக மாற்றியிருந்தாலும் முதல் நாள் இருந்தபடியே இருந்திருக்கும். சிக்கல் எல்லாம் "சேமித்த" என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ஒரு கடிதத்தைத் திறந்து ஒரு வரியைத் திருத்திச் சேமித்தால் மற்ற வரிகள் அப்படியே இருக்கும். வீடியோவில் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்துவது அந்த மாதிரி வேலை இல்லை. மென்பொருள் பழைய ஃபைலைப் பிரித்து, ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாக விரித்து, பிறகு முதல் ஃபிரேமிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் புதிதாகச் சுருக்குகிறது. நீங்கள் தலைப்பில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றியிருந்தாலும் நாற்பது நிமிடமும் புதிதாக எழுதப்படுகிறது. கடிதத்தில் ஒரு வரியைத் திருத்த, முழுக் கடிதத்தையும் பார்த்துப் பார்த்துக் கையால் மறுபடி எழுதியதற்குச் சமம் அது.

நான் எடிட்டிங்கில் நுழைந்தபோது டேப்தான். அப்போது "தலைமுறை" என்ற சொல் எங்கள் அன்றாடப் பேச்சில் இருந்தது. மாஸ்டர் டேப்பிலிருந்து எடுத்த பிரதி ஒரு தலைமுறை கீழே, அதிலிருந்து எடுத்தது இன்னொன்று கீழே. வீஎச்எஸ்ஸில் மூன்றாவது பிரதியிலேயே சிவப்புச் சட்டையின் நிறம் ஓரத்தில் கசிந்து நிற்கும், பார்த்த உடனே தெரியும். அதனால் மாஸ்டர் டேப்பை யாரும் தேவையில்லாமல் தொடமாட்டார்கள். டிஜிட்டல் வந்ததும் அந்தப் பயம் போய்விட்டது. காப்பி எடுப்பதைப் பொறுத்தவரை பயம் போனது சரிதான். ஆனால் சுருக்கம் என்ற பின்வாசல் வழியாக அதே தலைமுறைக் கணக்கு திரும்ப உள்ளே வந்துவிட்டது. இந்த முறை சத்தமில்லாமல் வந்ததால் பலர் கவனிக்கவில்லை.

சுருக்கும்போது ஏன் இழப்பு வந்தே ஆக வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 1920க்கு 1080 அளவுள்ள சாதாரண 8 பிட் வீடியோ, நொடிக்கு 25 ஃபிரேம், நிறத் தகவலை ஏற்கெனவே கால்பங்காகக் குறைத்த நிலையில், சுருக்காமல் வைத்தால் நொடிக்குச் சுமார் 622 மெகாபிட் ஆகும். நீங்கள் எக்ஸ்போர்ட் செய்வது 10 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். அறுபதில் ஒரு பங்கு. அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஒன்று போல இருப்பதைப் பயன்படுத்தி இதில் பெரும்பகுதியை எதையும் இழக்காமலே மிச்சப்படுத்தலாம்தான். ஆனால் அறுபதில் ஒன்று வரை இறங்க அது மட்டும் போதாது. கண்ணுக்கு எது பெரிதாகத் தெரியாதோ அதைத் தூக்கிப் போட வேண்டும். எச்.264, எச்.265 என்று எந்தச் சுருக்க முறை ஆனாலும் அடிப்படை இதுதான்.

தூக்கிப் போடுவது எப்படி என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் சுவரும் முகமும் கெட்ட காரணம் அங்கேதான் இருக்கிறது. சுருக்கும் வேலையைச் செய்யும் என்கோடர், படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் முன்பே அனுப்பிய படப்பகுதியை வைத்து ஊகிக்கிறது. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை, "இந்தக் கட்டத்தில் மெதுவான மாற்றம் இவ்வளவு, நுணுக்கமான மாற்றம் இவ்வளவு" என்று சில எண்களாக எழுதுகிறது. பிறகு அந்த எண்களை ஒரு குறிப்பிட்ட படி அளவின் மடங்குகளுக்கு உருட்டிவிடுகிறது. படி அளவு 9 என்றால் 9, 18, 27 என்றுதான் எழுத முடியும், இடையில் உள்ள எதையும் எழுத முடியாது. இழப்பு நடப்பது பெரும்பாலும் இந்த உருட்டலில்தான்.

ஒரே ஒரு எண்ணைப் பின்தொடர்ந்து போவோம். அசலில் அது 23. முதல் எக்ஸ்போர்ட்டில் படி அளவு 9. 23க்கு அருகில் உள்ள மடங்கு 27, எனவே 27 என்று எழுதப்படுகிறது. பிழை 4. அடுத்த எக்ஸ்போர்ட்டில் அந்த இடத்துக்குப் படி அளவு 17 அமைகிறது. என்கோடருக்கு 23 என்ற எண் ஒரு காலத்தில் இருந்ததே தெரியாது. அதன் கையில் இருப்பது 27. அதற்கு அருகில் உள்ள 17இன் மடங்கு 34. பிழை இப்போது 11. மூன்றாவது எக்ஸ்போர்ட்டில் நீங்கள் தரத்தைக் கூட்டி வைக்கிறீர்கள், படி அளவு 13. 34க்கு அருகில் 39. பிழை 16. மூன்று தடவையும் என்கோடர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. ஒவ்வொரு முறையும் கைக்குக் கிடைத்ததற்கு மிக அருகில் உள்ளதைத்தான் எடுத்தது. ஆனால் அசலிலிருந்து நேரடியாகப் படி அளவு 13இல் எழுதியிருந்தால் 26 வந்திருக்கும், பிழை வெறும் 3. இந்தக் கணக்கில் நேரடியாக எழுதும்போது பிழை படி அளவில் பாதியைத் தாண்டாது. சங்கிலியாகப் போகும்போது அந்த வரம்பு கழன்றுவிடுகிறது.

விளங்குவதற்காக எல்லாம் ஒரே பக்கம் சாய்கிற மாதிரி எண்களைத் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிஜத்தில் சில எண்களில் பிழைகள் எதிரெதிராக விழுந்து ஓரளவு அடித்துப் போய்விடும். கணிசமானவற்றில் கூடும். கோடிக்கணக்கான எண்களில் இது நடக்கும்போது மொத்தத்தில் படம் அசலை விட்டு விலகிக்கொண்டேதான் போகும். இன்னொரு வகை எண்ணுக்கு மீட்சியே கிடையாது. அசலில் 3 அல்லது 4 என்று இருக்கும் சின்ன எண், படி அளவு 9இல் பூஜ்யமாகிவிடும். பூஜ்யத்தை அடுத்த முறை எவ்வளவு நுணுக்கமான படியில் எழுதினாலும் பூஜ்யம் பூஜ்யம்தான். தோலின் துளைகள், முடி இழைகள், துணியின் நெசவு எல்லாம் இந்தச் சின்ன எண்களில்தான் இருக்கின்றன. முகம் மெழுகு போல ஆனது இதனால்தான். ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டிலும் இன்னும் கொஞ்சம் எண்கள் பூஜ்யத்தில் விழுந்தன, விழுந்தவை எழுந்து வரவில்லை.

இங்கே கூர்மையான ஒருவர் கேட்கலாம்: படி அளவு மாறாமல் இருந்தால்? 27ஐ மறுபடி 9இல் எழுதினால் 27தானே? உண்மை. ஒரு புகைப்படத்தைத் தொடாமல் அதே மென்பொருளில், அதே தர அளவில் ஜேபெக்காகத் திரும்பத் திரும்பச் சேமித்தால் சில முறைக்குப் பிறகு இழப்பு கிட்டத்தட்ட நின்றுவிடும், காரணம் இதுவே. வீடியோவில் அந்தச் சலுகை கிடைப்பது அரிது. என்கோடர் படி அளவை நிலையாக வைப்பதில்லை. காட்சியின் சிக்கலைப் பார்த்து, மிச்சமுள்ள பிட்டுகளைப் பார்த்து, கட்டத்துக்குக் கட்டம் கூட்டிக் குறைக்கிறது. ஃபிரேம்களிலும் மூன்று சாதி உண்டு: தன்னந்தனியாக முழுதாக எழுதப்படும் கீஃபிரேம், முந்தையதைப் பார்த்து எழுதப்படுவது, இரு பக்கமும் பார்த்து எழுதப்படுவது. நீங்கள் தொடக்கத்தில் பத்து ஃபிரேமை வெட்டினால் இந்த வரிசை முழுவதும் நகர்ந்துவிடும். போன முறை நன்றாக எழுதப்பட்ட ஃபிரேம் இந்த முறை அலட்சியமாக எழுதப்படும், போன முறை அலட்சியமாக எழுதப்பட்டது இந்த முறை கீஃபிரேம் ஆகி, அதன் குறைகள் எல்லாம் பத்திரமாகப் பாதுகாக்கப்படும். படத்தை லேசாகப் பெரிதாக்கினாலோ நகர்த்தினாலோ கட்டங்களின் கோடுகளே இடம் மாறிவிடும், பழைய கட்டத்தின் ஓரம் புதிய கட்டத்தின் நடுவில் வந்து உட்காரும்.

அப்படி உட்காரும்போது நடப்பதுதான் எனக்கு இதில் மிகவும் வேதனையான பகுதி. என்கோடருக்கு எது அசல் நுணுக்கம், எது போன தலைமுறையின் அழுக்கு என்று பிரித்தறியத் தெரியாது. சுவரில் பழைய கட்டத்தின் ஓரம் ஒரு மெல்லிய கோடாகத் தெரிகிறது என்றால், "ஓ, இங்கே ஒரு கோடு இருக்கிறது" என்று அதைப் படமாகவே எடுத்துக்கொண்டு, அதற்குப் பிட்டுகளைச் செலவழிக்கும். அந்தப் பிட்டுகள் முகத்துக்குப் போக வேண்டியவை. நுணுக்கம் அழிய அழிய, அழுக்கைக் காப்பாற்றும் செலவு ஏறுகிறது.

ஃபைல் அளவு குறையாதது உங்களை ஏமாற்றியிருக்கிறது, அதையும் பார்த்துவிடுவோம். ஃபைல் அளவு என்பது நொடிக்கு எத்தனை பிட் என்ற பிட்ரேட்டை நேரத்தால் பெருக்கி வருவது, வேறொன்றும் இல்லை. நொடிக்கு 10 மெகாபிட், 40 நிமிடம் என்றால் ஏறத்தாழ 3 ஜிபி. முதல் தலைமுறையும் 3 ஜிபி, எட்டாம் தலைமுறையும் 3 ஜிபி. பெட்டி அதே அளவு, உள்ளே இருக்கும் சரக்குதான் வேறு. "ஹை குவாலிட்டி" என்ற பெயரும் அப்படித்தான். கையில் கொடுத்ததை எவ்வளவு விசுவாசமாகப் படியெடுக்க வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. கொடுத்தது எவ்வளவு நல்லது என்பதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கெட்டுப்போன ஃபைலை 50 மெகாபிட்டில் எக்ஸ்போர்ட் செய்தால் கெட்டுப்போனதன் மிக நேர்த்தியான, மிகப் பெரிய பிரதி கிடைக்கும்.

உங்கள் வீடியோவில் சுவர் முதலில் காட்டிக்கொடுத்ததில் ஆச்சரியம் இல்லை. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மெதுவாக நிழல் என்று வழுக்கிப் போகும் பரப்பில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்குள் வித்தியாசம் மிகச் சின்னது. அந்தச் சின்ன எண் பூஜ்யமானதும் ஒவ்வொரு கட்டமும் ஒரே நிறமாகத் தட்டையாகிவிடும், கட்டத்துக்குக் கட்டம் படிக்கட்டு மாதிரித் தெரியும். ஓட்டிப் பார்த்தால் இன்னோர் அடையாளமும் கிடைக்கும்: சில நொடிகளுக்கு ஒரு முறை சுவர் மூச்சு விடுவது போல ஒரு கணம் மாறித் திரும்பும். கீஃபிரேம் வரும் இடம் அது. பேசுபவர் அசையாமல் நிற்கும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாகத் தட்டிப் பாருங்கள், தெளிவாகப் பிடிபடும்.

நிறமும் ஒலியும் வேறு வழிகளில் தேய்கின்றன. எடிட்டிங் மென்பொருள் நிறத்தை உள்ளே ஒரு வடிவத்துக்கு மாற்றி, வெளியே வரும்போது மறுபடி கால்பங்காக்கி எழுதும். ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பின் ஓரம் கொஞ்சம் கரையும். ஒலி பெரும்பாலும் ஏஏசி, அதுவும் இழப்புள்ள சுருக்கமே. ஏஏசி என்கோடர் தொடக்கத்தில் சேர்க்கும் சிறு வெற்றிடம் ஒன்று உண்டு. 1024 சாம்பிள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 21 மில்லிநொடி. ஒழுங்கான மென்பொருள் அதைக் குறித்து வைத்து ஈடுகட்டிவிடும். ஈடுகட்டாத ஒன்று சங்கிலியில் சிக்கினால் எட்டாவது சுற்றில் 170 மில்லிநொடி சேர்ந்துவிடும், உதடும் பேச்சும் ஒட்டாது. உங்கள் வீடியோவில் அதையும் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

நானும் இந்தக் குழியில் விழுந்தவன்தான். ஒரு நிகழ்ச்சிப் பதிவை முடித்துக் கொடுத்த பிறகு இடம் போதவில்லை என்று கேமரா ஃபைல்களை அழித்துவிட்டு, முடிந்த எம்பி4-ஐ மட்டும் வைத்துக்கொண்டேன். அடுத்த ஆறு மாதத்தில் ஒரு பெயரைத் திருத்தச் சொன்னார்கள், பிறகு ஒரு பகுதியை நீக்கச் சொன்னார்கள், பிறகு லோகோவை மாற்றச் சொன்னார்கள். பழைய லோகோ ஏற்கெனவே படத்தோடு படமாகக் கலந்திருந்ததால் அதன் மேலேயே புதியதைப் பெரிதாக ஒட்ட வேண்டியதாயிற்று. ஐந்தாவது தடவை அதைப் பெரிய திரையில் போட்டபோது மேடையின் கருநீலத் திரைச்சீலை முழுக்கக் கட்டங்கள். வாடிக்கையாளர் கேமராவைக் குறை சொன்னார். நான் திருத்தவில்லை, வாயை மூடிக்கொண்டேன்.

சரி, அசலைத் தொடாமல் ஒரு மாஸ்டராக வைத்திருந்தால் என்ன மாறுகிறது? எக்ஸ்போர்ட்டில் இழப்பு வராமல் போய்விடாது. ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டிலும் அது வரத்தான் செய்யும். மாறுவது, அந்த இழப்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது நின்றுபோகும் என்பது. உங்கள் எட்டுத் திருத்தங்களையும் எட்டு முறையும் மாஸ்டரிலிருந்தே எக்ஸ்போர்ட் செய்திருந்தால், எட்டாவது ஃபைலும் முதல் ஃபைலும் அசலிலிருந்து ஒரே ஒரு படி தூரத்தில் இருந்திருக்கும். மேலே சொன்ன கணக்கில் எல்லா முறையும் 23இலிருந்தே தொடங்கியிருக்கும். நீங்கள் கட்டியது ஒன்றின் காலை ஒன்று பிடித்துத் தொங்கும் சங்கிலி. கட்டியிருக்க வேண்டியது ஒரே தண்டிலிருந்து பிரியும் கிளைகள்.

திருத்தங்களைச் சேமிக்க வேண்டிய இடம் ப்ராஜெக்ட் ஃபைல். அதில் படம் எதுவும் இருக்காது. "இந்த ஃபைலில் 2:10 முதல் 2:40 வரை நீக்கு, இங்கே இந்தத் தலைப்பைப் போடு" என்ற குறிப்புகள் மட்டும்தான் இருக்கும். பெரும்பாலும் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். இரண்டு வருடம் கழித்து ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமென்றால் ப்ராஜெக்டைத் திறந்து, அந்தக் குறிப்பை மாற்றி, மாஸ்டரிலிருந்து புதிதாக எக்ஸ்போர்ட் செய்வீர்கள். மாஸ்டரின் பெயரையோ இடத்தையோ மாற்றினால் ப்ராஜெக்ட் அதைத் தேடிக்கொண்டு நிற்கும், அதனால் இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

மாஸ்டர் என்றதும் பலர் செய்யும் ஒரு தவறு, கேமராவிலிருந்து வந்த ஃபைலை "இன்னும் தரமான" வடிவத்துக்கு மாற்றி, மாற்றியதை மாஸ்டர் என்று வைத்துக்கொண்டு கேமரா ஃபைலை அழிப்பது. போனிலிருந்தும் சாதாரணக் கேமராவிலிருந்தும் வரும் ஃபைலே இழப்போடு சுருக்கப்பட்டதுதான், அதுவே முதல் தலைமுறை. அதில் இல்லாததை எந்த மாற்றமும் கொண்டு வராது. உலகில் இருப்பதிலேயே அசலுக்கு மிக நெருங்கியது அந்த ஃபைல்தான், எனவே பைட் கூட மாறாமல் அதையே வையுங்கள். எடிட்டிங்குக்கு வசதியாக வேறு வடிவம் தேவைப்பட்டால் அது கூடுதல் பிரதியாக இருக்கட்டும்.

இடையில் ஒரு நிலை உண்டு: பல பேர் கை மாறும் வேலையில், நிறத்திருத்தம் ஒருவர், கிராஃபிக்ஸ் இன்னொருவர் என்று, படம் சில தலைமுறை கடந்தே தீர வேண்டியிருக்கும். அதற்காகத்தான் புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற இடைநிலை கோடெக்குகள், அதாவது சுருக்கும் முறைகள், இருக்கின்றன. புரோரெஸ் 422 எச்கியூ, 1080 அளவில் நொடிக்கு 30 ஃபிரேம் அருகில், சுமார் 220 மெகாபிட் வாங்கும். படி அளவு மிகச் சின்னது, ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக நிற்பது, அதனால் சில தலைமுறை போனாலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அதிலும் இழப்பு உண்டு. இழப்பே கூடாது என்றால் எஃப்எஃப்வி1 போன்றவை, அவை கொடுத்ததை அச்சு அசலாகத் திருப்பித் தரும். உங்கள் மாதிரி ஒரே ஆள் ஒரே ப்ராஜெக்டில் செய்யும் வேலைக்கு இவை எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து.

இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. "எத்தனை தலைமுறையில் கெடும்" என்பதற்கு மட்டும் ஒரே எண் கிடையாது, யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள். 50 மெகாபிட்டில் அசையாத பலகையைக் காட்டும் வீடியோ பத்து சுற்றைத் தாங்கலாம். 3 மெகாபிட்டில் இருட்டான அறை, ஐஎஸ்ஓ கூடிப் புள்ளி பறக்கும் படம் என்றால் இரண்டாவதிலேயே தெரியும். உங்கள் சொந்த ஃபைலில் பார்த்துவிடுவதே நல்லது. ffmpeg என்ற இலவச வீடியோ மென்பொருளை நிறுவிக்கொண்டு, லினக்ஸ் அல்லது மேக் டெர்மினலில், நல்ல நிலையில் உள்ள ஒரு நிமிடத் துண்டை `g0.mp4` என்று வைத்துக்கொண்டு இதை ஓட்டுங்கள்:

```
for i in 1 2 3 4 5 6 7 8 9; do
  ffmpeg -i g$((i-1)).mp4 -c:v libx264 \
    -crf $((20 + i % 3 * 3)) -c:a copy g$i.mp4
done
ffmpeg -i g0.mp4 -c:v libx264 -crf 20 -c:a copy direct.mp4
```

இதில் தர அளவு 23, 26, 20 என்று மாறி மாறிச் சுழல்கிறது, நாம் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அமைப்பில் எக்ஸ்போர்ட் செய்வது போல. `-crf` எண் குறைந்தால் தரம் அதிகம். கடைசி ஃபைலான `g9.mp4`, நேரடியாக எடுத்த `direct.mp4` இரண்டுமே 20இல் எழுதப்பட்டவை. என்கோடரிடம் கேட்டால் இரண்டும் ஒரே தரம் என்று சொல்லும். அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கதை வேறு:

```
ffmpeg -i g9.mp4 -i g0.mp4 -lavfi ssim -f null -
ffmpeg -i direct.mp4 -i g0.mp4 -lavfi ssim -f null -
```

கடைசி வரியில் `All:` என்று வரும் எண்ணைப் பாருங்கள். 1 என்றால் அச்சு அசல், குறையக் குறைய விலகல். இந்த எண்ணுக்கும் ஒரு வரம்பு உண்டு. இரண்டு ஃபைல்களும் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஒத்துப் போக வேண்டும். ஒன்றில் தொடக்கத்தில் ஒரு ஃபிரேம் வெட்டியிருந்தாலே எண் காரணமில்லாமல் சரிந்துவிடும். அதோடு இது படம் முழுவதற்குமான சராசரி, சுவர் மட்டும் கெட்டிருந்தால் எண்ணில் பெரிதாகத் தெரியாமல் போகலாம். அதனால் எண்ணைப் பார்த்த கையோடு இரண்டையும் ஒரே நொடியில் நிறுத்தி, இரு மடங்கு பெரிதாக்கிக் கண்ணாலும் பாருங்கள்.

எல்லாத் திருத்தத்துக்கும் மறுபடி சுருக்கவே வேண்டும் என்பதும் இல்லை. தொடக்கத்தையும் முடிவையும் வெட்ட மட்டும் வேண்டுமென்றால்:

```
ffmpeg -ss 00:01:30 -i master.mp4 -t 600 -c copy clip.mp4
```

`-c copy` என்றால் படத்தைப் பிரிக்காமல், சுருக்கப்பட்ட துண்டுகளை அப்படியே எடுத்து வைப்பது. இழப்பு கிடையாது, சில நொடியில் முடிந்துவிடும். விலை என்னவென்றால் வெட்டு கீஃபிரேமில்தான் விழும், நீங்கள் கேட்ட இடத்துக்குச் சில நொடி முன்னால் தொடங்கலாம். வசன வரிகளையும் படத்தின் மேல் எரிக்காமல் தனி எஸ்ஆர்டி ஃபைலாக வைத்தால், எழுத்துப்பிழை திருத்த வீடியோவைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், இப்போது உங்கள் கையில் உள்ளதைப் பற்றி. அழிந்த நுணுக்கத்தை அந்த எட்டாவது ஃபைலிலிருந்து மீட்க முடியாது. கட்டங்களை மழுப்பலாம், செயற்கையாகப் புள்ளிகளைத் தூவிச் சுவரை மறைக்கலாம், போன முகம் திரும்பாது. அதனால் நேரத்தை அதில் செலவழிக்காமல், முந்தைய தலைமுறை எங்காவது உயிரோடு இருக்கிறதா என்று தேடுங்கள். கேமராவின் மெமரி கார்டு, பழைய லேப்டாப், யாருக்காவது கொடுத்த பென்டிரைவ், டிரைவில் ஏற்றிய பிரதி. கார்டில் அழித்திருந்தாலும் அதன் பிறகு எதுவும் பதியவில்லை என்றால் மீட்பு மென்பொருள் எடுத்துத் தர வாய்ப்பு இருக்கிறது, எனவே அந்தக் கார்டை இப்போதைக்குப் பயன்படுத்தாதீர்கள். செய்திச் செயலியில் சாதாரண வீடியோவாக அனுப்பியதும், வீடியோ தளத்தில் ஏற்றிவிட்டுத் திரும்ப இறக்கியதும் இன்னொரு முறை சுருக்கப்பட்டவையாகவே இருக்கும். ஆவணமாக, அதாவது டாக்குமென்ட்டாக அனுப்பியிருந்தால் பெரும்பாலும் அப்படியே கிடைக்கும்.

பல பிரதிகள் கிடைத்தால் எது மூத்தது என்று தீர்மானிக்க ஃபைல் அளவையோ தேதியையோ நம்பாதீர்கள், காப்பி செய்யும்போது தேதி மாறிவிடலாம். ஃபைலின் உள்விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து பாருங்கள். `Writing library` என்ற இடத்தில் x264 என்றோ `Writing application` என்ற இடத்தில் Lavf என்றோ இருந்தால் அது கணினியில் ஒரு மென்பொருள் வழியாக வந்த ஃபைல், கேமராவிலிருந்து நேராக வந்தது இல்லை. கேமரா ஃபைலில் பெரும்பாலும் கருவியின் தயாரிப்பு விவரங்கள் இருக்கும். இதுவும் முழு நிரூபணம் ஆகாது. `-c copy` செய்த ஃபைலிலும் Lavf என்று வரும், சில மென்பொருள்கள் எதையும் எழுதாது. சந்தேகம் வந்தால் அதே சுவரை எல்லாப் பிரதிகளிலும் ஒரே நொடியில் நிறுத்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கட்டம் குறைவாக உள்ளதுதான் மூத்தது.

கிடைத்ததில் மூத்ததை மாஸ்டராக வைத்து, அதற்குப் பின் செய்த திருத்தங்களை ப்ராஜெக்டில் மறுபடி செய்யுங்கள். எழுத்துகளையும் லோகோவையும் எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டியிருக்கும். எதுவுமே கிடைக்கவில்லை என்றால் எட்டாவதே இன்று முதல் மாஸ்டர், அதுவும் சரிதான், ஒன்பதாவது இதிலிருந்து எடுக்கப்படும், பத்தாவதும் இதிலிருந்தே எடுக்கப்படும். ஃபைலை ரீட்-ஒன்லி ஆக்கி, அதன் முத்திரை எண்ணை, அதாவது உள்ளே ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணை, ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள் (மேக்கில் `sha256sum` இல்லை என்று வந்தால் `shasum -a 256`):

```
chmod 444 master.mp4
sha256sum master.mp4 > master.sha256
```

இரண்டு ஃபைலையும் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அங்கே போய் `sha256sum -c master.sha256` என்று கேளுங்கள். `OK` என்று வந்தால் இரண்டும் பைட்டுக்குப் பைட் ஒன்றே. எந்த டிஸ்க்கில் இருப்பது அசல், எது பிரதி என்று கேட்பதற்கே அதன் பிறகு அர்த்தமில்லை.